பிடி அறாத துணிப்பை

திருநெல்வேலிச் சந்தையில் 5 கிலோ அரிசி, நாலைந்து தேங்காய், மரக்கறி என்று வாங்கினால் பை 8 கிலோவைத் தாண்டிவிடும். அப்படி நாலு தரம் தூக்கிய துணிப்பையை எடுத்துப் பாருங்கள். துணி நன்றாகவே இருக்கும், போயிருப்பது பிடிதான். அநேகமாக நூல்கூட அறுந்திருக்காது. தையலுக்கு அருகில் துணி நேர்கோட்டில் கிழிந்திருக்கும்.

ஊசி துணியைத் துளைத்துக்கொண்டு போகிறது. குறுக்கே ஒரே வரியாக நெருக்கித் தைத்தால், முத்திரைத் தாளின் ஓரம் போல வரிசையாகத் துளைகள் விழுந்துவிடும். பிறகு இழுவை வந்ததும் துணி அந்த வரியிலேயே கிழியும். சின்னத் தையல்தான் பலம் என்று பலர் நினைக்கிறார்கள். தடித்த கன்வஸில் அது நேர்மாறு. தையல் நீளம் 3 மில்லிமீற்றர், 16ஆம் இலக்க ஊசி, பொலியெஸ்ரர் நூல், இவை போதும்.

நாலு முனைகளும் சமமாகத் தாங்கினால் 8 கிலோவில் ஒரு முனைக்கு 2 கிலோ. ஆனால் ஒரு பிடி தோளில் இருந்து நழுவினால் மற்றப் பிடியின் முனைகள் ஒவ்வொன்றுக்கும் 4 கிலோ. சட்டென்று தூக்கும்போது கணநேரம் இன்னும் கூடும். பிடியின் நுனியை வாயோரத் தையலுக்குள் செருகிவிட்டால் இந்தச் சுமை முழுவதும் ஏழெட்டுத் தையல்களில் விழும். அதுவும் தையலைப் பிளக்கிற திசையில்.

அதனால் பிடியை வெளித்துணியின் மேல் படுக்கவைத்துத் தைக்க வேண்டும். நுனியை உள்ளே மடித்து, 2 சென்ரிமீற்றர் அகலம், 4 சென்ரிமீற்றர் உயரத்தில் ஒரு பெட்டி, அதற்குள் பெருக்கல் குறி. நூல் ஓடும் தூரம் இப்போது ஏறக்குறைய 21 சென்ரிமீற்றர், தையல்கள் எழுபது வரை. அதற்காகப் பத்து மடங்கு பலம் என்று சொல்ல முடியாது, மேல்வரியும் கீழ்வரியும் நடுவில் உள்ளதைவிடக் கூடுதலாகத்தான் சுமக்கும். ஆனாலும் இழுவை இப்போது துணியின் தளத்தோடு போகிறது, உரித்தெடுக்கும் விசை குறைகிறது. பெட்டியின் மேல்வரி வாயோரத்திலிருந்து 3 சென்ரிமீற்றராவது கீழே இருக்கட்டும். இல்லையென்றால் பிறகு உள்துணியைப் பொருத்தும்போது பிடி மெசினில் சிக்கும்.

பின்பக்கம் சின்ன ஒட்டுத்துண்டு வைப்பவர்கள் உண்டு. நான் வாயோரம் முழுவதற்கும் 10 சென்ரிமீற்றர் உயரக் கன்வஸ் பட்டி வைப்பேன். அதன் மேலோரம் வாய்த் தையலிலும் இரு பக்கங்களும் பக்கத் தையல்களிலும் அகப்படுவதால், பிடியின் சுமை பையின் முழு அகலத்துக்கும் பரவும். தனித்துண்டு பெட்டிக்கு அடியில் மட்டும் தடிப்பாக்கும், சுமையை வேறெங்கும் கொண்டுபோகாது. பெட்டியின் மூலைகளிலிருந்து சுருக்கங்கள் விரிந்தாலோ, ஊசித்துளைகள் நீள்வட்டமாக இழுபட்டிருந்தாலோ, கிழிவு நெருங்குகிறது என்று அர்த்தம்.

சரி, அடிப்பகுதி. 42 சென்ரிமீற்றர் சதுரத் துண்டுகள் இரண்டை எடுத்து, ஓரத்தில் ஒரு சென்ரிமீற்றர் விட்டு, இரு பக்கமும் அடியும் தைத்தால் 40 சென்ரிமீற்றர் அகலத் தட்டைப்பை கிடைக்கும். தேங்காயைப் போட்டால் எல்லாம் நடுவில் உருண்டு, அடி கூம்பிவிடும். இதைத் தடுக்க, பக்கத் தையலும் அடித் தையலும் ஒன்றின் மேல் ஒன்று வருமாறு மூலையை அமத்தினால் முக்கோணம் தெரியும். அதன் முனையிலிருந்து தையல் வழியே 5 சென்ரிமீற்றர் அளந்து குறுக்கே தைக்க வேண்டும். அந்தக் கோட்டின் நீளம் 10 சென்ரிமீற்றர் வரும். முனை செங்கோணம் என்பதால் அடிக்கோடு எப்போதும் உயரத்தின் இருமடங்கு. எத்தனை சென்ரிமீற்றர் தடிப்பு வேண்டுமோ அதில் பாதியை முனையிலிருந்து அளந்தால் போதும். பலர் பிழைவிடுவது இந்தப் பாதியில்தான்: 10 அளந்து தைத்து, 20 தடிப்பான பெட்டியைப் பார்த்து முழிப்பார்கள். இரு மூலையும் தைத்தபின் அடி 30க்கு 10, சுற்றளவு முன்போலவே 80. உயரம் மட்டும் 5 சென்ரிமீற்றர் குறையும்.

உள்துணியையும் இதே அளவில் தைத்து, அடித்தையலில் 12 சென்ரிமீற்றர் திறந்துவிடுங்கள். பக்கத் தையலை மட்டும் 2, 3 மில்லிமீற்றர் கூட உள்ளே எடுக்கலாம், அப்போது உள்ளே கசங்கி நிற்காது. ஆனால் உயரத்தைக் குறைக்கக் கூடாது. உள்துணி கட்டையாக இருந்தால் சாமானின் பாரம் வெளித்துணியின் அடியைத் தொடாமல் அந்த மெல்லிய துணியிலேயே தொங்கும், கொஞ்ச நாளில் அது அடியில் விட்டுப்போகும்.

பிறகு வெளிப்பையை நல்லபக்கம் வெளியே தெரியத் திருப்பி, உள்துணிக்குள் விட்டு, வாய்களைச் சுற்றித் தையுங்கள். பிடிகள் இரண்டும் அப்போது கீழ்நோக்கி மடங்கி இரு பைகளுக்கும் நடுவில் இருக்க வேண்டும். பையைத் திருப்ப முன்னர், இரு பைகளின் முக்கோண மூலைகளையும், எந்தப் பக்கத்துக்கு எது என்று பார்த்து, ஓரத்துக்கு ஓரமாக நாலு தையலில் பிணைத்துவிட்டால் சாமானைக் கொட்டும்போது உள்துணி வெளியே வராது. அப்புறம் திறப்பு வழியே முழுவதையும் இழுத்தெடுத்து, வாயைச் சுற்றி மேலே ஒரு தையல் ஓட்டி, திறப்பைக் கையால் மூடினால் பை தயார்.