கூடங்குளத்துக் கணினியில் புகுந்தது இறையாண்மை மீறலா?

ஈரோட்டுக்காரர் ஒருவர், சட்டம் படிக்கும் மாணவி, ஆய்வேட்டுக்கு வழிகாட்டச் சொல்லி எனக்குக் கடிதம் எழுதியிருந்தார். தலைப்பு, 'சைபர் நடவடிக்கைகளும் அரசின் இறையாண்மையும்'. கடைசியில், "2019-இல் கூடங்குளத்தில் நடந்ததையும் ஒரு உதாரணமாகச் சேர்க்கலாமுங்களா ஐயா?" என்று கேட்டிருந்தார்.

"அதையே ஆய்வேடாக எழுதுங்க அம்மணி" என்று பதில் அனுப்பினேன். அவர் வைத்த தலைப்பில் பத்து ஆய்வேடு எழுதலாம். இந்த ஒரு கேள்விக்குள் போனால்தான் சட்டம் எங்கே தடுமாறுகிறது என்று தெரியும்.

நடந்தது இதுதான். நிர்வாகப் பணிக்காக இணையத்தோடு இணைந்திருந்த ஒரு கணினியில் தீநிரல் இருந்ததை இந்திய அணுமின் கழகம் 2019 அக்டோபர் 30 அன்று ஒப்புக்கொண்டது. அணு உலையை இயக்கும் அமைப்புகள் பாதிக்கப்படவில்லை என்றும் சொன்னது. அதாவது உள்ளே புகுந்தார்கள், ஆனால் எதுவும் உடையவில்லை.

இந்த 'உடையவில்லை' என்பதில்தான் சிக்கலே. ஒரு நாட்டின் அரசே இன்னொரு நாட்டின் கணினிக்குள் புகுந்து பொருட்சேதம் விளைவித்தால் அது இறையாண்மை மீறல் என்பதை சைபர் நடவடிக்கைகளுக்குச் சர்வதேசச் சட்டம் எப்படிப் பொருந்தும் என்று வல்லுநர்கள் எழுதிய தாலின் கையேட்டின் 2017-இல் வந்த இரண்டாம் பதிப்பு ஏற்கிறது. கருவி செயலிழந்தாலும் பெரும்பாலும் அப்படியே. அதற்கும் கீழே, வெறுமனே புகுந்து தகவலை எடுத்தால் என்ன என்பதில் அதை எழுதிய வல்லுநர்களுக்குள்ளேயே ஒத்த கருத்து இல்லை.

அரசுகளும் அப்படித்தான். சைபர் வெளியில் இறையாண்மை மீறல் என்று தனி விதியே கிடையாது என்று 2018-இல் பிரிட்டனின் அட்டர்னி ஜெனரல் பேசினார். அவர்கள் கணக்கில், இன்னொரு நாட்டின் உள்விவகாரத்தில் வற்புறுத்தித் தலையிடக் கூடாது என்ற தலையிடாமை விதிதான் உண்டு. அதற்கு வற்புறுத்தல் வேண்டும், கூடங்குளத்தில் அதைக் காட்டுவது கடினம். பிரான்ஸ் 2019-இல், தன் அமைப்புகளுக்குள் அனுமதியின்றிப் புகுவதே மீறலாகலாம் என்றது. ஆப்பிரிக்க ஒன்றியம் 2024-இல் இன்னும் கறாராக, சேத அளவு எதுவும் தேவையில்லை என்று நின்றது.

ஒரே சம்பவத்தை இந்த மூன்று அளவுகோல்களிலும் வைத்துப் பார்த்தால் மூன்று விடை வரும். திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதி நிறுவனத்தின் சர்வரை வெளிநாட்டு ராணுவம் ஒன்று முழுக்க முடக்கியதாக வைத்து அதே கேள்வியைக் கேட்கச் சொன்னேன். அப்போது தாலின் வல்லுநர்களில் பெரும்பாலோர் இந்தியாவின் பக்கம் வந்துவிடுவார்கள். அரசு நிறுவனமா, தனியார் நிறுவனமா என்பது முக்கியமில்லை, கருவி நம் மண்ணில் இருந்தால் போதும்.

அவர் கடிதத்தில் இல்லாத ஒன்றும் உண்டு: செய்தது ஒரு அரசுதான் என்று எப்படி நிறுவுவது? தீநிரலின் சாயலை வைத்துத் தனியார் ஆய்வாளர்கள் வடகொரியக் குழு ஒன்றைச் சுட்டினார்கள். சாயல் மட்டும் சட்டத்துக்குப் போதாது. ஐ.நா.வின் சர்வதேசச் சட்ட ஆணையம் 2001-இல் தொகுத்த அரசுப் பொறுப்பு விதிகளில் 8-ஆவது பிரிவு, அந்தக் குழு அரசின் அறிவுறுத்தலிலோ கட்டுப்பாட்டிலோ இயங்கியது என்று காட்டச் சொல்கிறது. இது நிற்காவிட்டால் இறையாண்மை விவாதத்துக்கே போக முடியாது. அதனால் இதை முதல் அத்தியாயமாக வைத்து, சட்டச் சுருக்கத்தை அப்புறம் அனுப்பும்படி எழுதியிருக்கிறேன்.