தாழ்வுப் பகுதியைச் சுற்றும் காற்று: கணக்கில் வரும் 66 கிலோமீட்டர் கடலில் ஏன் வீசுவதில்லை?

அரபிக் கடலில் ஒரு காற்றழுத்தத் தாழ்வுப் பகுதி உருவானால் போதும், மும்பைத் தமிழர்களின் வாட்ஸ்அப் குழுக்களில் சமஅழுத்தக் கோடுகள் வரைந்த வானிலை வரைபடமும், அதன் கீழே யாரோ ஒருவர் போட்ட காற்று வேகக் கணக்கும் சேர்ந்தே வந்துவிடுகின்றன. கணக்குப் போடுகிறவர்கள் பெரும்பாலும் பொறியியல் படித்தவர்கள். அவர்கள் எடுத்தாளும் சூத்திரமும் பாடநூலில் உள்ளதுதான். ஆனாலும் விடை மிகையாகவே வருகிறது. உயரமான கட்டுமானங்களுக்கும் கடலோரப் பணிகளுக்கும் காற்று முன்னறிவிப்பு தருவது என் தொழில் என்பதால், இந்த மிகைக் கணக்கு அடிக்கடி என் மேசைக்கு வந்து சேர்கிறது. பிழை பெருக்கலிலோ வகுத்தலிலோ இல்லை. நேராக ஓடும் காற்றுக்கு உரிய சமநிலையை, வட்டமடிக்கும் காற்றின் மேல் போட்டுப் பார்ப்பதில்தான் இருக்கிறது.

அந்தச் சமநிலை இதுதான். அசையாமல் நிற்கும் காற்றை, அழுத்த வேறுபாடு தாழ்வை நோக்கித் தள்ளுகிறது. காற்று நகரத் தொடங்கியதும், பூமி சுழல்வதால் எழும் கொரியோலிஸ் விசை வட அரைக்கோளத்தில் அதை வலப்புறமாகத் திருப்புகிறது. இந்த விசை காற்றின் திசைக்கு எப்போதும் செங்குத்தாக இருப்பதால், அது காற்றை வேகப்படுத்துவதும் இல்லை, தடுப்பதும் இல்லை. திருப்ப மட்டுமே செய்கிறது. ஆனால் காற்றின் வேகம் கூடக் கூட இந்த விசையும் கூடும். இடப்புறம் தாழ்வை நோக்கி இழுக்கும் அழுத்த விசையும், வலப்புறம் இழுக்கும் கொரியோலிஸ் விசையும் சரிசமமாகும் வேகத்தில், காற்று எந்தப் பக்கமும் சாயாமல் சமஅழுத்தக் கோட்டின் வழியே ஓடும். இதையே ஜியோஸ்ட்ரோபிக் சமநிலை என்கிறோம். காற்றின் வேகத்தை V என்றும், ஒரு கிலோ காற்றின் மீது செயல்படும் அழுத்த விசையை G என்றும், φ என்ற அட்சரேகையைப் பொறுத்த கொரியோலிஸ் எண்ணை f என்றும் கொண்டால் கணக்கு ஒரே வரிதான்:

```
V = G / f
f = 2 × 0.00007292 × sin(φ)
```

இனி நடந்த ஒன்று. செம்பூரில் எழும்பிக்கொண்டிருந்த ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தின் மேற்பார்வையாளர், திருநெல்வேலிக்காரர், பருவமழைக்கு முந்தைய நாட்களில் ஒரு வரைபடத்தைக் கைப்பேசியில் அனுப்பி, "சார், கணக்கு 66 கிலோமீட்டர் காட்டுது, கிரேனை நிறுத்திரவா?" என்று கேட்டார். வரைபடத்தில் தாழ்வின் மையம் கடலில் இருந்தது. மையத்திலிருந்து ஏறத்தாழ 300 கிலோமீட்டர் தொலைவில், 2 ஹெக்டோபாஸ்கல் இடைவெளியுள்ள இரண்டு கோடுகள் 200 கிலோமீட்டர் விலகி ஓடின. அட்சரேகை மும்பையினுடையது, அதாவது 19 பாகை.

அவர் செய்தது இவ்வளவுதான். 200 கிலோமீட்டருக்கு 200 பாஸ்கல் என்றால் மீட்டருக்கு 0.001 பாஸ்கல். இதைக் காற்றின் அடர்த்தியான 1.15-ஆல் வகுத்தால் G ஏறத்தாழ 0.00087. மும்பையில் f-இன் மதிப்பு 0.0000475. வகுத்தால் வினாடிக்கு 18.3 மீட்டர், மணிக்கு 66 கிலோமீட்டர். எண்ணிக்கையில் ஒரு தவறும் இல்லை. ஆனால் இந்திய வானிலை ஆய்வுத் துறையின் வகைப்பாட்டில் நீடித்த தரைக்காற்று மணிக்கு 62 கிலோமீட்டரைத் தொட்டாலே அது புயல். வானிலை மையமோ அன்று அதை வெறும் தாழ்வுப் பகுதி என்றே குறிப்பிட்டிருந்தது. குழுவில் சிலர், மையம் எதையோ மறைக்கிறது என்று கூடப் பேசத் தொடங்கிவிட்டார்கள்.

மறைக்க அங்கே எதுவும் இல்லை. தாழ்வைச் சுற்றி வரும் காற்று ஒவ்வொரு கணமும் இடப்புறம் திரும்பிக்கொண்டே இருக்க வேண்டும். அப்படித் திரும்புவதற்கு மையத்தை நோக்கி ஒரு நிகர இழுவை தேவை. இரண்டு விசைகளும் சரிசமமாக இருந்தால் அந்த இழுவை மிஞ்சாது, காற்று நேராகவே போய்விடும். ஆகவே தாழ்வைச் சுற்றும் இடத்தில் அழுத்த விசை கொரியோலிஸ் விசையைவிட எப்போதும் மிஞ்சியே நிற்கும். அழுத்த விசையை வரைபடம் ஏற்கெனவே நிர்ணயித்துவிட்டதால், குறைய வேண்டியது கொரியோலிஸ் விசைதான். அது குறைய ஒரே வழி, காற்று மெதுவாக ஓடுவது. திரும்பும் வட்டத்தின் ஆரத்தை R என்று வைத்து எழுதினால்:

```
V²/R + f·V = G
```

R 300 கிலோமீட்டர் என்று இட்டு இந்த இருபடிச் சமன்பாட்டைத் தீர்த்தால், வினாடிக்கு 10.5 மீட்டர், அதாவது மணிக்கு 38 கிலோமீட்டர் வருகிறது. இதுவும் தரையின் உராய்வு எட்டாத உயரத்துக் காற்று. ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் உயரத்தில் வீசுவது. கடற்பரப்பில் உராய்வுக்குப் பின் இதில் சுமார் 70 விழுக்காடு மிஞ்சும் என்று கொள்வது வழக்கம். அப்படிப் பார்த்தால் மணிக்கு 27 கிலோமீட்டர். வகைப்பாட்டின்படி தாழ்வு மண்டலமாக உயர 31 கிலோமீட்டர் வேண்டும். மையம் தாழ்வுப் பகுதி என்று சொன்னது சரி.

இதைத் தீர்க்க எல்லாரும் காகிதமும் பேனாவும் எடுக்க வேண்டியதில்லை. மும்பை அட்சரேகையில், மையத்திலிருந்து உள்ள தொலைவைக் கிலோமீட்டரில் எடுத்து ஆறால் வகுத்தால், f-ஐயும் R-ஐயும் பெருக்கிய மதிப்பு மணிக்கு இத்தனை கிலோமீட்டர் என்று கிடைத்துவிடும். 300-ஐ ஆறால் வகுத்தால் 50. V = G / f என்ற நேர்க்கோட்டுச் சூத்திரம் தரும் வேகம் இந்த எண்ணைவிட மிகச் சிறியதாக இருந்தால் அதை நம்பலாம். அதை நெருங்கினாலோ மிஞ்சினாலோ நம்பக் கூடாது. நம் கணக்கில் 66, 50-ஐத் தாண்டிவிட்டது.

சென்னையில் இருக்கும் உறவினர்களோடு இதை ஒப்பிட்டுப் பேசுகிறவர்களுக்கு இன்னொரு குழப்பம் காத்திருக்கிறது. அதே அழுத்தச் சரிவையும் அதே 300 கிலோமீட்டரையும் 13 பாகை அட்சரேகைக்குக் கொண்டுபோனால், f சிறுத்துவிடுவதால் நேர்க்கோட்டுச் சூத்திரம் மணிக்கு 95 கிலோமீட்டர் என்று சொல்லும். நிலநடுக்கோட்டை நெருங்க நெருங்க விடை எல்லையின்றி ஏறிக்கொண்டே போகும். வளைவைச் சேர்த்துக் கணக்கிட்டால் சென்னைக்கு வருவது 43 கிலோமீட்டர் மட்டுமே. மும்பையின் 38-உடன் ஒப்பிட்டால் பெரிய வேறுபாடு இல்லை. ஐரோப்பாவின் 45 பாகையில் அதே சரிவுக்கு நேர்க்கோட்டு விடை 30, வளைவோடு சேர்த்த விடை 25. பாடநூல்கள் பெரும்பாலும் அந்த அட்சரேகைகளில் எழுதப்பட்டவை. அங்கே ஐந்தில் ஒரு பங்கு பிழையோடு தப்பித்துக்கொள்ளும் சூத்திரம், நம் ஊர்க் கடல்களில் விடையை இரட்டிப்பாக்கிவிடுகிறது என்பதை அவை அழுத்திச் சொல்லாதது எனக்கு எப்போதும் ஒரு குறைதான்.

புயலில் இது அபத்தத்தின் எல்லையையே தொடும். மையத்திலிருந்து 40 கிலோமீட்டர் தொலைவில், 50 கிலோமீட்டருக்கு 20 ஹெக்டோபாஸ்கல் என்ற அளவில் அழுத்தம் சரிவதாக வைத்துக்கொள்வோம். மும்பை அட்சரேகையில் நேர்க்கோட்டுச் சூத்திரம் மணிக்கு 2,600 கிலோமீட்டருக்கும் மேல் என்று சொல்லும்; ஒலியின் வேகத்தைப்போல் இரண்டு மடங்கு! வளைவைச் சேர்த்தால் 131 கிலோமீட்டர். இங்கே கொரியோலிஸ் விசைக்கு ஏறக்குறைய வேலையே இல்லை. அழுத்த விசை முழுவதும் காற்றை வட்டத்தில் திருப்புவதிலேயே செலவாகிறது. புயல் சுழலத் தொடங்குவதற்கும் சுழலும் திசைக்கும் கொரியோலிஸ் காரணம் என்பது உண்மை. அதன் உள்வட்ட வேகத்தை நிர்ணயிப்பதும் கொரியோலிஸே என்று சொல்வது உண்மையில்லை.

நேர்க்கோட்டுச் சூத்திரம் உதவும் இடமும் நம் கண்முன்னேயே இருக்கிறது. தென்மேற்குப் பருவமழை வலுத்திருக்கும் நாட்களில் மேற்குக் கரையை ஒட்டிச் சமஅழுத்தக் கோடுகள் பல நூறு கிலோமீட்டருக்கு ஏறத்தாழ நேராகவே கிடக்கும். அப்போது திருவனந்தபுரத்துக்கும் மும்பைக்கும் இடையே 8 ஹெக்டோபாஸ்கல் வேறுபாடு இருந்தால், மேலே மணிக்கு 60 கிலோமீட்டரை ஒட்டிய மேற்குக் காற்றை அதே சூத்திரத்தால் தயக்கமின்றி எதிர்பார்க்கலாம்.

வேகத்தில் ஏமாற்றும் சமநிலை திசையில் அவ்வளவாக ஏமாற்றாது. 1857-இல் டச்சு வானிலையாளர் பைஸ் பாலட் சொன்ன விதி இன்றும் செல்லும்: வட அரைக்கோளத்தில் காற்றுக்கு முதுகைக் காட்டி நின்றால் தாழ்வு இடப்புறம் இருக்கும். உராய்வு காற்றைச் சற்று உள்நோக்கிச் சாய்ப்பதால், நேர் இடப்புறத்தைவிடக் கொஞ்சம் முன்னால் தேட வேண்டும். கட்டடங்கள் நெருங்கிய இடத்தில் இந்தச் சாய்வு இன்னும் அதிகம். 2021 மே 17 அன்று டவ்தே புயல் சென்றதுபோல ஓர் அமைப்பு மும்பைக்கு மேற்கே கடலில் தெற்கிலிருந்து வடக்காகக் கடந்தால், கரையில் காற்று முதலில் கிழக்கு, தென்கிழக்கிலிருந்தும், பிறகு தெற்கிலிருந்தும், கடைசியாகத் தென்மேற்கிலிருந்தும் வீச வேண்டும். தெருவில் சுழலும் காற்றை வைத்து இதைச் சொல்ல முடியாது. திறந்த மொட்டை மாடியிலோ கடற்கரையிலோ பார்க்க வேண்டும். காற்று இந்த வரிசையில் திரும்பாமல் தென்கிழக்கிலேயே நின்று வலுத்துக்கொண்டே போனால், மையம் இன்னும் விலகிச் செல்லவில்லை, நம்மை நோக்கி வருகிறது என்று ஐயப்பட வேண்டும்.

செம்பூர் மேற்பார்வையாளருக்கு நான் 27 என்று மட்டும் சொல்லி அனுப்பவில்லை. அந்த எண் கடற்பரப்பில் 10 மீட்டர் உயரத்துக்கு உரியது. அவருடைய கிரேன் நிற்கும் 100 மீட்டர் உயரத்தில் உராய்வின் பிடி தளர்வதால், நீடித்த காற்று 27-க்கும் 38-க்கும் இடையில் இருக்கும். அதன் மேல் வீச்சுக்காற்று ஒன்றரை மடங்கு வரை ஏறலாம் என்று கொண்டு, அந்த உச்ச மதிப்பைத்தான் கிரேன் கையேட்டின் வரம்போடு ஒப்பிடச் சொன்னேன். மேலும் மும்பை அட்சரேகையில் காற்று இந்தச் சமநிலைக்கு வந்து சேரவே சுமார் ஆறு மணி நேரம் பிடிக்கும். அதைவிட விரைவாக மாறும் எதற்கும், குறிப்பாக இடிமழை மேகத்தின் அடியிலிருந்து சில நிமிடங்களில் பாய்ந்து வரும் குளிர்ந்த காற்றுக்கு, வரைபடத்துக் கோடுகள் எந்த எச்சரிக்கையும் தருவதில்லை. ஆகவே வரைபடத்தின்படி வேலையைத் தொடரலாம் என்றும், ராடாரில் இடிமேகம் 30 கிலோமீட்டருக்குள் வந்தால் அப்போது காற்றுமானி எவ்வளவு குறைவாகக் காட்டினாலும் கொக்கியில் தொங்கும் பாரத்தை இறக்கிவிட்டு, கிரேனின் கையைக் காற்றோடு தானே திரும்புமாறு தளர்த்திவிட வேண்டும் என்றும் எழுதி அனுப்பினேன்.