பெர்மிட் படிவத்திலிருந்து நான்கு வரி: பாதுகாப்பு அதிகாரிக்கான சுருக்கம் எப்படி உருவாகிறது?

ஒரு பெரிய ஆலையில் பராமரிப்பு நாளன்று காலையில் பாதுகாப்பு அதிகாரியின் மேசைக்குக் கான்ட்ராக்டர்களின் பணி அனுமதிப் படிவங்கள் கட்டுக்கட்டாக வந்து சேரும். ஒவ்வொன்றும் நான்கைந்து பக்கம் இருக்கும். கூடவே குழாய் வரைபடம், வேலை செய்யும் முறையை விளக்கும் தாள், கேஸ் சோதனைச் சீட்டு என்று இணைப்புகளும் வரும். அத்தனையையும் வரிவரியாகப் படித்துவிட்டு வேலையிடத்துக்கும் போய்ப் பார்க்க அவருக்கு நேரம் போதாது. அதனால் ஒவ்வொரு பெர்மிட்டையும் யாராவது நான்கு விவரமாகச் சுருக்கித் தருவார்கள்: என்ன வகை வேலை, எதையெல்லாம் துண்டித்துப் பூட்டியிருக்கிறார்கள், யார் ஒப்புதல் தந்தார்கள், எத்தனை மணி வரை செல்லும்.

இந்த நான்குக்கும் முதல் பக்கத்திலேயே கட்டங்கள் உண்டு. அவற்றைப் பார்த்து எழுதினால் வேலை முடிந்தது என்று தோன்றும். ஆனால் முதல் பக்கத்தில் இருப்பது பெரும்பாலும் திட்டம்தான். இந்த நேரத்தில் களத்தில் நிலைமை என்ன என்பது பின்னால் உள்ள தாள்களில் கிடக்கும். நல்ல சுருக்கம் அந்த நிலைமையைத்தான் சொல்ல வேண்டும்.

ஒரு மாதிரிப் பெர்மிட்டை எடுத்துக்கொள்வோம். டொலுவீன் என்ற கரைப்பானைத் தொட்டியிலிருந்து உறிஞ்சி அனுப்பும் 204-பி பம்பு. அதன் சுழலும் தண்டைச் சுற்றித் திரவம் வெளியேறாமல் தடுக்கும் மெக்கானிக்கல் சீல் கசிகிறது, மாற்ற வேண்டும். முதல் பக்கத்தில் கான்ட்ராக்டர் சூப்பர்வைசர் ‘பம்பு சீல் மாற்றுதல்’ என்று எழுதி, தீப்பொறி வராத குளிர்நிலை வேலை என்ற கட்டத்தில் டிக் அடித்திருக்கிறார். செல்லுபடி 08:00 முதல் 18:00 வரை.

வேலை முறைத் தாளைப் புரட்டினால் ஆறாவது படியில் ஒரு வரி இருக்கிறது: ‘அடிப்பகுதி நட் துருப்பிடித்து வராவிட்டால் கிரைண்டரால் வெட்டவும்.’ கிரைண்டர் ஓடினால் தீப்பொறி பறக்கும். டொலுவீன் சுமார் 4 டிகிரி செல்சியஸிலேயே தீப்பற்றக்கூடிய ஆவியை வெளியிடும் திரவம். பம்பைத் திறந்து வைத்துக்கொண்டு பக்கத்தில் கிரைண்டர் ஓட்டினால் அது சூட்டு வேலை. அதற்குத் தனி அனுமதி வேண்டும், தீக்காவலுக்கு ஆள் நிற்க வேண்டும், வேலை முடிந்த பிறகும் அவர் அங்கேயே இருந்து கவனிக்க வேண்டும். ஆகவே வேலை வகையை டிக் அடித்த கட்டத்திலிருந்து எடுக்காமல், செய்யப்போகும் செயல்களிலிருந்து எடுப்பதுதான் சரி. சுருக்கத்தில் இப்படி வர வேண்டும்: ‘டிக்: குளிர்நிலை வேலை. முறைத் தாள் படி 6: கிரைண்டர். பொருந்தவில்லை.’ இதில் எது சரி என்று சுருக்குபவர் தீர்ப்புச் சொல்லத் தேவையில்லை. இரண்டையும் அருகருகே வைத்தால் போதும், முடிவு அதிகாரியுடையது.

அடுத்தது ஐசொலேஷன். நான்கில் அதிக நேரம் செலவழிக்க வேண்டிய பகுதி இதுதான் என்பது என் கருத்து. ஒரு பம்புக்குள் ஆபத்து வரும் வழிகள் பல: மோட்டாருக்கு வரும் மின்சாரம், உறிஞ்சும் குழாய், வெளியேற்றும் குழாய், அவற்றோடு யார் கண்ணிலும் எளிதில் படாத சிறு குழாய்கள். ஐசொலேஷன் என்றால் இந்த ஒவ்வொரு வழியையும் மூடி, மூடியதை யாரும் திறக்க முடியாதபடி பூட்டி, உள்ளே மிச்சமிருக்கும் அழுத்தத்தையும் திரவத்தையும் வடித்து, கடைசியாக எல்லாம் உண்மையிலேயே செத்துவிட்டதா என்று சோதித்துப் பார்ப்பது.

நம் படிவத்தின் ஐசொலேஷன் தாளில் ஐந்து வரிகள் உள்ளன. உறிஞ்சும் வால்வு மூடியது, பூட்டு எண் 31. வெளியேற்றும் வால்வு மூடியது, பூட்டு எண் 32. மோட்டார் பிரேக்கர் வெளியே இழுக்கப்பட்டது, பூட்டு எண் 33. வடிகால் வால்வு திறந்தது, டேக் மாட்டியது. ஐந்தாவது வரி: ‘தொட்டிக்குத் திரும்பும் குழாய் – நான்-ரிட்டர்ன் வால்வு உள்ளது.’

இந்த ஐந்தாவது வரியில்தான் அவசரச் சுருக்கம் தவறும். பம்பு குறைந்த ஓட்டத்தில் சூடாகிவிடாமல் இருக்க, ஒரு பகுதித் திரவத்தைத் தொட்டிக்கே திருப்பி அனுப்பும் சிறு குழாய் அது. வரைபடத்தில் பார்த்தால் அது பம்புக்கும் வெளியேற்றும் வால்வுக்கும் நடுவே பிரிகிறது. அதாவது 32-ஆம் பூட்டு அதைக் காக்கவில்லை. மறுமுனையில் தொட்டி நிறைய டொலுவீன். இடையில் நிற்பது ஒரு நான்-ரிட்டர்ன் வால்வு மட்டும். அது பின்னோட்டத்தைக் குறைக்கும் கருவி, அவ்வளவுதான். அதைப் பூட்ட முடியாது. உள்ளே ஒரு துளி அழுக்கு சிக்கினாலும் கசியும். அதனால்தான் அதை ஐசொலேஷனாகக் கணக்கில் எடுப்பதில்லை. ஐந்து வரி இருக்கிறதே என்று ‘ஐந்து இடத்தில் ஐசொலேட் செய்யப்பட்டது’ என எழுதினால், திறந்திருக்கும் ஒரு வழி சுருக்கத்தில் மூடிய வழியாக மாறிவிடும். எழுத வேண்டியது: ‘மூன்று இடங்களில் பூட்டு. வடிகால் திறந்துள்ளது. திரும்பு குழாயில் பூட்டு இல்லை, நான்-ரிட்டர்ன் வால்வு மட்டும்.’

அதே தாளில் ‘இயக்கிப் பார்த்துச் சோதித்தது’ என்ற கட்டம் காலியாக இருக்கிறது. பிரேக்கரை இழுத்த பிறகு களத்திலுள்ள ஸ்டார்ட் பொத்தானை ஒருமுறை அழுத்தி மோட்டார் அசையவில்லை என்று பார்ப்பதுதான் அந்தச் சோதனை. 204-பிக்குப் பதிலாக 204-ஏ பிரேக்கரை இழுத்திருந்தால் இங்கேதான் பிடிபடும். காலிக் கட்டத்தைக் காலியாகவே காட்ட வேண்டும். ‘வழக்கமாகச் செய்வதுதானே’ என்று ஊகித்து நிரப்பக் கூடாது. உபகரண எண்ணையும் பூட்டு எண்ணையும் எழுத்து மாறாமல் நகலெடுக்க வேண்டும்.

ஒப்புதல் பகுதியில் பெயர்களைவிட நேரங்கள் அதிகம் பேசும். இந்தப் படிவத்தில் வேலை கேட்டவர் கான்ட்ராக்டர் சூப்பர்வைசர், 07:30. கேஸ் சோதனை செய்தவர் 07:50. வேலையைத் தொடங்கலாம் என்று அனுமதித்த பகுதிப் பொறுப்பாளர் 08:10. மின் ஐசொலேஷன் செய்த எலக்ட்ரீஷியன் கையெழுத்திட்டது 08:40. வரிசைப்படுத்திப் பார்த்தால் தெரிகிறது: பூட்டு போடுவதற்கு அரை மணி நேரம் முன்பே தொடங்கலாம் என்று கையெழுத்து விழுந்துவிட்டது. ‘நான்கு ஒப்புதலும் உள்ளன’ என்ற சுருக்கம் பொய்யில்லை, ஆனால் பயனற்றது. யார், எந்தப் பொறுப்பில், எத்தனை மணிக்கு என்று மூன்றையும் எழுதினால்தான் இந்த முரண் கண்ணில் படும். ஒரே ஆள் இரண்டு பொறுப்பில் கையெழுத்திட்டிருந்தாலும் அப்போதுதான் தெரியும்.

காலாவதிக்கு வருவோம். முதல் பக்கம் 18:00 என்கிறது. ஆனால் இந்த ஆலையின் விதி படிவத்தின் பின்புறத்திலேயே அச்சிடப்பட்டிருக்கிறது: கேஸ் சோதனை நான்கு மணி நேரத்துக்கு மட்டுமே செல்லும், ஷிப்ட் மாறும்போது புதிய பொறுப்பாளர் மறுபடி கையெழுத்திட வேண்டும். சோதனை நடந்தது 07:50, எனவே 11:50-க்கு முடிகிறது. ஷிப்ட் மாற்றம் 14:00. இந்த மூன்றில் முதலில் வருவது எதுவோ அதுதான் உண்மையான காலாவதி. சுருக்கத்தில் 11:50 தான் மேலே வர வேண்டும், எதனால் என்ற காரணத்தோடு. இரவு வேலை என்றால் தேதியும் சேர வேண்டும்.

இங்கே இன்னொன்றையும் பிரித்துச் சொல்லியாக வேண்டும். பெர்மிட் காலாவதியானால் வேலை செய்யும் உரிமைதான் முடிகிறது. பம்பு திறந்தபடி இருக்கலாம், பூட்டுகள் மாட்டியபடி இருக்கலாம். 1988 ஜூலை 6 அன்று வட கடலில் பைப்பர் ஆல்ஃபா எண்ணெய் மேடையில் நடந்தது இந்த இடைவெளியில்தான். எரிவாயுவிலிருந்து பிரியும் கண்டன்சேட் என்ற திரவத்தை அனுப்பும் ஒரு பம்பு பராமரிப்புக்காக நிறுத்தப்பட்டிருந்தது. அதே பம்பின் அழுத்த நிவாரண வால்வை வேறொரு பெர்மிட்டின் கீழ் கான்ட்ராக்டர்கள் கழற்றியிருந்தார்கள். மாலைக்குள் அதைத் திரும்பப் பொருத்த முடியாததால் திறந்த வாயில் ஒரு மூடித் தட்டை மாட்டிவிட்டுப் போனார்கள். இரவில் மற்றொரு பம்பு நின்றுபோனது. இரவு ஷிப்ட்காரர்களுக்குப் பராமரிப்புப் பெர்மிட் தெரியும், அந்த வேலை இன்னும் தொடங்கவில்லை என்பதும் தெரியும். வால்வு கழற்றப்பட்டது தெரியாது. இரண்டு பெர்மிட்டுகளிலும் ஒன்றைப் பற்றி மற்றொன்றில் குறிப்பு இல்லை. முதல் பம்பை மீண்டும் இயக்க முயன்றபோது அந்தத் தட்டின் வழியே கசிவு வந்து வெடித்தது என்று லார்ட் கல்லன் தலைமையிலான விசாரணை 1990-இல் முடிவு செய்தது. 167 பேர் இறந்தார்கள்.

அதனால் சுருக்குபவர் ஒரு தாளோடு நின்றுவிட முடியாது. அதே உபகரண எண்ணில் வேறு பெர்மிட் திறந்திருக்கிறதா, நிறுத்தி வைத்தது ஏதும் உண்டா என்று பதிவேட்டில் தேடி, இருந்தால் அதன் எண்ணையும் நான்கு விவரத்தோடு சேர்க்க வேண்டும். நம் 204-பிக்கு வேறு பெர்மிட் எதுவும் இல்லை. அதையும் ‘தேடியது, இல்லை’ என்று எழுத வேண்டும். எழுதாவிட்டால், தேடவே இல்லையா என்பது படிப்பவருக்குத் தெரியாது.

சரி, சுருக்கம் இப்போது அதிகாரியின் கையில் இப்படி இருக்கும்:

‘204-பி பம்பு, டொலுவீன், சீல் மாற்றுதல். வகை: குளிர்நிலை என டிக், படி 6-இல் கிரைண்டர், பொருந்தவில்லை. ஐசொலேஷன்: பூட்டு 31, 32, 33, வடிகால் திறந்துள்ளது, திரும்பு குழாயில் பூட்டு இல்லை, இயக்கச் சோதனைக் கட்டம் காலி. ஒப்புதல்: சூப்பர்வைசர் 07:30, கேஸ் 07:50, பகுதிப் பொறுப்பாளர் 08:10, மின் ஐசொலேஷன் 08:40, வரிசை முரண். காலாவதி: 11:50, கேஸ் சோதனையால்; படிவத்தில் 18:00. இதே எண்ணில் வேறு பெர்மிட்: தேடியது, இல்லை. எழுதிய நேரம் 08:50.’

இதைப் படித்த அதிகாரி வேலையை நிறுத்தி வைக்கிறார். 09:05-க்கு இயக்கச் சோதனை நடக்கிறது, மோட்டார் அசையவில்லை. திரும்பு குழாயின் தொட்டிப் பக்க வால்வை மூடி, 34-ஆம் பூட்டைப் போட்டு, குழாயை வடித்து, இணைப்பின் நடுவே தடுப்புத் தகடு செருகுகிறார்கள். கிரைண்டர் வரியை சூப்பர்வைசர் அடித்துவிட்டு, தீப்பொறி இல்லாமல் நட்டைப் பிளக்கும் கருவியை எழுதுகிறார். 10:30-க்கு மறுபடி கேஸ் சோதனை, 10:40-க்குப் பகுதிப் பொறுப்பாளரின் புதிய கையெழுத்து.

அப்புறம் சுருக்கத்தையும் மாற்றியாக வேண்டும். புதிய கேஸ் சோதனை 14:30 வரை செல்லும். ஆனால் ஷிப்ட் மாற்றம் 14:00-க்கே வந்துவிடுகிறது. எனவே காலாவதி வரியில் இப்போது வருவது 14:00, காரணம் ஷிப்ட் மாற்றம். 08:50 சுருக்கத்தின் குறுக்கே கோடு போட்டு, 10:45 என்று நேரம் குறித்த புதியதை மேலே வைக்கிறார்கள்.