மீதி என்னும் கடைசிப் பத்தி

நிதியுதவி பெறும் தொண்டு நிறுவனம் ஒவ்வொரு தவணை முடிவிலும் பயன்பாட்டு அறிக்கை ஒன்றைத் தரவேண்டும். ஒப்பளித்த தொகை, செலவு, மீதி என்று மூன்று பத்திகள், அவ்வளவுதான். முதல் பத்தி ஒப்பந்தத்தில் இருக்கிறது, இரண்டாவதை வவுச்சர்கள் சொல்லும். மூன்றாவது வெறும் கழித்தல் கணக்கு என்று பலரும் விட்டுவிடுகிறார்கள். தணிக்கையாளரின் கண் முதலில் போவது அங்கேதான்.

ஒரு கற்பனைத் திட்டத்தை எடுத்துக்கொள்வோம். ஓராண்டுக்கு ஒப்பளித்தது 10,00,000. இரண்டு தவணைகளாக 8,00,000 வந்துவிட்டது. கணக்காளர் போட்ட முதல் வரைவு இது:

| தலைப்பு | ஒப்பளிப்பு | செலவு | மீதி |
|---|---|---|---|
| சம்பளம் | 5,00,000 | 4,40,000 | 60,000 |
| பயிற்சி | 2,00,000 | 1,30,000 | 70,000 |
| பயணம் | 1,00,000 | 1,28,000 | −28,000 |
| கருவிகள் | 1,50,000 | 0 | 1,50,000 |
| நிர்வாகம் | 50,000 | 42,000 | 8,000 |
| மொத்தம் | 10,00,000 | 7,40,000 | 2,60,000 |

மொத்த வரியை மட்டும் பார்த்தால் எந்தக் குறையும் தெரியாது. பயணத் தலைப்பிலோ 28,000 மிகைச் செலவு. இந்த இடத்தில் சிலர் செய்யும் காரியம், இரண்டு வண்டி வாடகை பில்களைப் பயிற்சித் தலைப்புக்குத் தள்ளிவிடுவது. வவுச்சரில் உள்ள தேதியையும் பயிற்சி நடந்த தேதியையும் ஒப்பிட்டாலே அது வெளியே வந்துவிடும். முறையான வழி வேறு. ஒரு தலைப்பில் எவ்வளவு விழுக்காடு வரை கூடலாம் என்பதை ஒப்பந்தமே பெரும்பாலும் சொல்லியிருக்கும். அதைத் தாண்டுவதாக இருந்தால், செலவு செய்வதற்கு முன்பே நிதி தருபவரிடம் எழுத்தில் ஒப்புதல் வாங்க வேண்டும்.

ஆனால் அதற்கும் முன்னால், அந்த 1,28,000 உண்மையிலேயே செலவுதானா என்று பார்க்க வேண்டும். வவுச்சர்களைப் புரட்டினால், களப்பணியாளருக்குப் பயண முன்பணமாகக் கொடுத்த 30,000 அதற்குள் இருக்கிறது. அவர் இன்னும் பில் கொடுத்துக் கணக்கு முடிக்கவில்லை. முன்பணம் செலவாகாது, நிறுவனத்துக்கு வரவேண்டிய பணம் அது. அதை நீக்கினால் பயணச் செலவு 98,000, மீதி 2,000. மிகைச் செலவு என்பதே இல்லை! மொத்தச் செலவும் 7,10,000 ஆகக் குறைகிறது, மீதி 2,90,000 ஆகிறது.

இந்த 2,90,000 கையில் இருக்கும் பணமா என்றால் இல்லை. அதில் 2,00,000 இன்னும் வராத தவணை. வந்ததில் செலவாகாதது 90,000தான். வங்கி கொடுத்த வட்டி 9,000. வட்டியும் நிதியுதவியின் பகுதியே என்று பல ஒப்பந்தங்கள் சொல்வதால் அதைத் தனி வரியில் காட்ட வேண்டும். ஆக, கணக்குச் சொல்ல வேண்டியது 99,000.

கருவிகள் தலைப்பில் செலவு பூஜ்ஜியம். ஆனால் 1,40,000க்குக் கொள்முதல் ஆணை போயிருக்கிறது, பொருள் வரவில்லை. அதைச் செலவில் சேர்க்கக் கூடாது, சொல்லாமல் விடவும் கூடாது. ‘உறுதியளித்த தொகை’ என்று அடிக்குறிப்பில் எழுதினால், அந்தத் தலைப்பில் தாராளமாகத் தெரியும் மீதியில் உண்மையில் மிஞ்சுவது 10,000தான் என்பது படிப்பவருக்குப் புரியும். அடுத்த தவணையைக் கேட்பதற்கான காரணமும் அதுவே, ஏனென்றால் கையில் உள்ளது அந்த ஆணைக்கே போதாது. எல்லாத் தலைப்பிலும் மீதி சரியாகப் பூஜ்ஜியம் என்று வரும் அறிக்கையைவிட, இப்படிக் கரடுமுரடாக வருவதையே நான் நம்புவேன்.

கடைசியில் வங்கிப் புத்தகம். 99,000இல் முன்பணம் 30,000 பணியாளரிடம் இருக்கிறது. வங்கியில் 69,000 இருக்க வேண்டும், இருப்பதோ 1,04,000. கூடுதல் 35,000 எங்கிருந்து வந்தது? பயிற்றுநருக்குக் கொடுத்த 20,000 காசோலையை அவர் இன்னும் வங்கியில் போடவில்லை. சம்பளத்தில் பிடித்த வரி 15,000 இன்னும் கட்டப்படவில்லை. சம்பளச் செலவைப் பிடித்தம் போகாத முழுத் தொகையாக எழுதியிருப்பதால் அந்தப் பணம் கணக்கில் செலவாகிவிட்டாலும் வங்கியில் தங்குகிறது. இரண்டையும் கூட்டினால் வித்தியாசம் நேராகிவிடும்.

வங்கி இருப்பு கூடுதலாக இருந்தால் காரணம் பெரும்பாலும் இப்படிச் சாதாரணமாகவே இருக்கும். குறைவாக இருந்தால்தான் கவலை. வழக்கமான காரணம் திருட்டல்ல, கைமாற்று: வேறொரு திட்டத்தின் தவணை தாமதமானதால் அங்கே சம்பளம் போட இந்தப் பணத்தை எடுத்திருப்பார்கள். குறிப்பிட்ட பணிக்கென்று வந்த நிதியை அப்படித் திருப்புவதைப் பெரும்பாலான ஒப்பந்தங்கள் அனுமதிப்பதில்லை. சிலர் அறிக்கைத் தேதிக்கு முந்தைய நாள் அதைத் திரும்பப் போட்டுவிட்டு, மறுநாளே மறுபடி எடுப்பார்கள். அதனால்தான் அனுபவமுள்ள தணிக்கையாளர்கள் அறிக்கைக் காலத்துக்கு மட்டுமின்றி அடுத்த மாதத்துக்கும் வங்கி அறிக்கையைக் கேட்கிறார்கள்.