நான்கில் தொடங்கிச் சுழியம் வரை

சுங்கை சிப்புட்டில், செம்பனைத் தோட்டத்தை ஒட்டிய ஒரு மண்டபத்தில், படிவம் ஐந்து மாணவர்களுக்கு மாலையில் கணிதம் சொல்லித் தருகிறேன். எண்கணிதத்தில் நிரூபிக்க முடியாத உண்மைகளும் உண்டு என்னும் கோடலின் தேற்றத்தைப் பற்றிக் கேள்விப்பட்டு வந்த ஒரு மாணவி, "நிரூபிக்கவே முடியாதென்றால், அது உண்மை என்று மட்டும் எப்படி சார் தெரியும்?" என்றாள். மிகச் சரியான கேள்வி. "இந்த வாக்கியத்தை நிரூபிக்க முடியாது" என்று தன்னையே சுட்டும் வாக்கியத்தைக் காட்டித்தான் இதைப் பெரும்பாலும் விளக்குவார்கள். அது சொல் விளையாட்டுப் போலத் தோன்றிவிடும் என்பதால், நான் வெண்பலகையில் ஒரு கணக்கையே எழுதினேன். குட்ஸ்டீன் என்ற ஆங்கிலேயர் 1944-இல் வெளியிட்ட கணக்கு அது.

ஓர் எண்ணை 2-இன் அடுக்குகளாக எழுதுங்கள். அடுக்கில் 2-ஐவிடப் பெரிய எண் வந்தால் அதையும் அப்படியே பிரித்துவிட வேண்டும். பிறகு எல்லா 2-களையும் 3 ஆக்கி, விடையிலிருந்து 1 கழியுங்கள். அடுத்த முறை 3-கள் 4 ஆகும், மறுபடியும் 1 கழியும். இப்படியே போக வேண்டும்.

3-இல் தொடங்கினால் 3, 3, 3, 2, 1, 0 என்று உடனே முடிந்துவிடுகிறது. 4-இல் தொடங்கிப் பாருங்கள். 4 என்பது 2². அது 3³ ஆகிறது, அதாவது 27; ஒன்று போக 26. தொடர்ந்து 41, 60, 83, 109, 139 என்று ஏறிக்கொண்டே போகிறது. ஆனால் இதுவும் ஒருநாள் சுழியத்தைத் தொடும். அதற்கு எத்தனை படிகள் ஆகும் என்ற எண்ணை எழுதுவதற்கே 12 கோடிக்கு மேற்பட்ட இலக்கங்கள் வேண்டும்.

அவ்வளவு தூரம் போகாமலே இது எப்படித் தெரிகிறது? விடைகளை விட்டுவிட்டு அவற்றின் அமைப்பைப் பாருங்கள். 26 என்பது 2×3² + 2×3 + 2. 41 என்பது 2×4² + 2×4 + 1. 60 என்பது 2×5² + 2×5. 83 என்பது 2×6² + 6 + 5. முன்னால் நிற்கும் எண்களை மட்டும் எடுத்தால் (2,2,2), (2,2,1), (2,2,0), (2,1,5). பெரிய நோட்டு, சிறிய நோட்டு, சில்லறை என்று வைத்துக்கொள்ளலாம். ஒவ்வொரு படியிலும் ஒரு காசு செலவாகிறது. காசு தீர்ந்தால் ஒரு நோட்டை மாற்ற வேண்டும். கடைத் தவுக்கே ஒவ்வொரு முறையும் முன்னைவிட அதிகச் சில்லறை தருகிறார். ஆனால் மாற்றிய நோட்டு திரும்பி வருவதில்லை. பெரிய நோட்டுகள் இரண்டு ஒன்றாகி, ஒன்று இல்லாமல் போகும். பிறகு சிறிய நோட்டும், கடைசியில் காசும் தீரும். 2, 3, 4 என்று அடிமானம் எவ்வளவு வளர்ந்தாலும் இந்தக் கீழிறக்கம் நிற்காது.

16-இல் தொடங்கினால் நிலைமை கடினமாகிறது. அது 2^(2^2); அடுக்குக்கு மேல் அடுக்கு. இங்கே எத்தனை வகை நோட்டு என்பதே முடிவில்லாமல் விரிகிறது. இன்னும் பெரிய எண்களில் அடுக்குக் கோபுரம் மேலும் உயரும். ஆனாலும் எந்த எண்ணில் தொடங்கினாலும் கடைசியில் சுழியம் வரும் என்பதே குட்ஸ்டீனின் தேற்றம்.

எண்கணிதத்துக்கு நாம் வழக்கமாக வைத்திருக்கும் விதிகள் பியானோவின் விதிகள். கூட்டல், பெருக்கலோடு அவற்றில் முக்கியமான ஒன்று: 0-க்கு ஒன்று பொருந்தி, ஓர் எண்ணுக்குப் பொருந்தினால் அடுத்ததற்கும் பொருந்துமென்றால், எல்லா எண்களுக்கும் அது பொருந்தும். இந்த விதியைக் கொண்டு இரண்டடுக்குக் கோபுரம் இறங்கி முடியும் என்று காட்டலாம். மூன்றடுக்குக்கும் காட்டலாம், ஆனால் நிரூபணம் இன்னும் சிக்கலாகும். எந்த உயரத்தைச் சொன்னாலும் அதற்கென ஒரு நிரூபணம் உண்டு. எல்லா உயரங்களையும் ஒரே வீச்சில் முடிக்கும் நிரூபணம் மட்டும் அந்த விதிகளுக்குள் இல்லை. எனக்கு இந்த விஷயத்தின் உயிர்நாடியே இந்த இடம்தான்: தனித்தனியாக ஒவ்வொன்றும் கைக்கு வருகிறது, "எல்லாம்" என்பது மட்டும் வருவதில்லை.

இல்லை என்று எப்படி உறுதியாகச் சொல்வது? எல்லா உயரங்களின் கீழிறக்கமும் முடியும் என்பதை ஒப்புக்கொண்டால், பியானோ விதிகளில் முரண்பாடே வராது என்று நிரூபித்துவிடலாம் என 1936-இல் கெண்ட்சன் காட்டினார். ஆனால் அந்த விதிகள் முரணற்றவையாக இருந்தால், தம் முரணின்மையைத் தாமே நிரூபிக்க முடியாது என்று 1931-இலேயே கோடல் காட்டிவிட்டார். ஆகவே அந்தக் கீழிறக்கத்தையும் அவை நிரூபிக்க முடியாது. குட்ஸ்டீனின் கணக்கு அத்தனை பலத்தையும் உள்ளே வைத்திருக்கிறது என்று 1982-இல் கிர்பி, பாரிஸ் என்ற இரு கணிதவியலாளர்கள் நிறுவினார்கள்.

அந்த மாணவிக்கு என் பதில் இதுதான்: "நிரூபிக்க முடியாது" என்று தனியாகச் சொல்லக் கூடாது, எந்த விதிகளுக்குள் என்று சேர்த்தே சொல்ல வேண்டும். முடிவிலிகளை வரிசைப்படுத்தத் தெரிந்த கணங்களின் கோட்பாட்டில் குட்ஸ்டீனின் தேற்றத்துக்குச் சுருக்கமான நிரூபணம் இருக்கிறது. அது உண்மை என்று நமக்குத் தெரிந்தது அந்த வழியாகத்தான். அப்படியானால் அந்தத் தேற்றத்தையும் ஒரு விதியாகச் சேர்த்துவிட்டால் என்ன என்று அவள் உடனே கேட்டாள். சேர்க்கலாம். ஆனால் கோடலின் வாதம் அந்தப் புதிய விதித்தொகுப்புக்கும் அப்படியே பொருந்தும். அதுவும் முரணற்றதாக இருந்தால், அதனால் எட்ட முடியாத வேறோர் எண்கணித உண்மை இருக்கும்.