சீக்வென்சிங்: வரிசையாக்கம்

லத்தீனில் பின்தொடர்வதைக் குறிக்கும் ‘செக்வி’ என்ற வினையிலிருந்து வந்தது சீக்வென்ஸ். ஒன்றன்பின் ஒன்றாக வருவது என்று பொருள். தமிழில் ‘தொடர்வரிசை’ என்று எழுதலாம் என்றால், கணக்குப் பாடம் அதை எண்களுக்கு எடுத்துக்கொண்டுவிட்டது. ‘நிரல்’ அழகான பழஞ்சொல். ஆனால் இன்று நிரல் என்றதும் கணினிதான் நினைவுக்கு வருகிறது. எனவே, வேலைகளை எந்த வரிசையில் எடுப்பது என்று தீர்மானிக்கும் இந்தக் காரியத்துக்கு ‘வரிசையாக்கம்’ என்பதே என் தேர்வு. ‘அட்டவணையிடல்’ இதற்குப் பொருந்தாது. எது எத்தனை மணிக்குத் தொடங்கி எப்போது முடியும் என்று சொல்வது அட்டவணை. எதற்குப் பின் எது என்பதோடு நின்றுவிடுவது வரிசை.

இரண்டு இயந்திரங்கள் அடுத்தடுத்து இருக்கும்போதுதான் இந்தச் சொல் உயிர் பெறுகிறது. நான்கு புத்தகங்கள், ஓர் அச்சு இயந்திரம், ஒரு பைண்டிங் இயந்திரம் என்று வைத்துக்கொள்வோம். எல்லாப் புத்தகமும் முதலில் அச்சு, பிறகு பைண்டிங். நேரம் மணிக்கணக்கில்:

| புத்தகம் | அச்சு | பைண்டிங் |
|---|---|---|
| க | 6 | 2 |
| ச | 3 | 9 |
| த | 8 | 5 |
| ப | 2 | 4 |

எழுதியிருக்கும் வரிசையிலேயே எடுத்தால், க அச்சாகி வரும்வரை பைண்டிங் இயந்திரம் 6 மணி நேரம் சும்மா கிடக்கும். நடுவிலும் ஒரு மணி நேரம் காத்திருக்கும். எல்லாம் முடிய 27 மணி நேரம் ஆகும்.

வீணாகும் இடம் எது என்று பார்த்தால் விதி தானாகப் பிடிபடும். தொடக்கத்தில் பைண்டிங் காத்திருக்கிறது. ஆகவே சீக்கிரம் அச்சாகும் புத்தகம் முன்னால் போக வேண்டும். கடைசியில் அச்சு இயந்திரம் ஓய்ந்துவிட, பைண்டிங் மட்டும் ஓடுகிறது. ஆகவே சட்டென்று பைண்டிங் முடியும் புத்தகம் பின்னால் வர வேண்டும். ராண்ட் நிறுவனத்தில் இருந்த செல்மர் ஜான்சன் 1954இல் இதை விதியாக நிறுவினார். அட்டவணையில் உள்ள எண்களிலேயே சிறியதைத் தேடுங்கள். அது முதல் இயந்திரத்தின் நேரமாக இருந்தால் அந்த வேலையை முன்னாலிருந்து காலியாக உள்ள முதல் இடத்தில் வையுங்கள். இரண்டாம் இயந்திரத்தின் நேரமாக இருந்தால் பின்னாலிருந்து. வைத்ததை அடித்துவிட்டு மிச்சத்தில் மறுபடி தேடுங்கள்.

இங்கே சிறிய எண் 2, இரண்டு இடத்தில் இருக்கிறது. ப அச்சில் 2, அதனால் முதலிடம். க பைண்டிங்கில் 2, அதனால் கடைசி. அடுத்துச் சிறியது ச அச்சில் 3, அது இரண்டாமிடம். மிஞ்சிய த மூன்றாவது.

ப, ச, த, க. அச்சு முடியும் நேரங்கள் 2, 5, 13, 19. பைண்டிங் முடிவது 6, 15, 20, 22. ஆக 22 மணி நேரம். 5 மணி நேரம் மிச்சம். இதற்குக் கீழே போகவே முடியாது என்றும் உடனே சரிபார்த்துவிடலாம். பைண்டிங்குக்கு மட்டுமே 20 மணி நேரம் தேவை. எந்தப் புத்தகத்தை முதலில் எடுத்தாலும் அது அச்சாகிவர குறைந்தது 2 மணி நேரம் வேண்டும். கூட்டினால் 22.

அப்புறம், ‘மொத்த முடிவு நேரம்’ என்ற தொடரில் ஒரு பொறி இருக்கிறது. ஜான்சன் விதி குறைப்பது முதல் வேலை தொடங்கியதிலிருந்து கடைசி வேலை முடியும்வரை ஓடும் நேரத்தை. ஆங்கில நூல்களில் இதற்கு மேக்ஸ்பான் என்று பெயர். தமிழில் ‘முழு ஓட்ட நேரம்’ எனலாம். ஒவ்வொரு வேலையும் முடியும் நேரங்களைக் கூட்டி வரும் தொகை வேறு சங்கதி. நம் வரிசையில் அந்தத் தொகை 6 + 15 + 20 + 22 = 63. ப, க, ச, த என்று மாற்றினால் 6, 10, 20, 25 என்று முடிந்து தொகை 61 ஆகக் குறைகிறது, ஆனால் முழு ஓட்டம் 25 ஆக நீள்கிறது! ஒரு வாடிக்கையாளர் சராசரியாக எவ்வளவு காத்திருக்கிறார் என்பது கேள்வியானால் தொகையைத்தான் பார்க்க வேண்டும். அங்கே இந்த விதி உறுதி தராது. ‘மொத்த நேரம்’ என்று மொட்டையாக எழுதினால் இரண்டும் குழம்பிவிடும்.

இயந்திரத்தைத் தயார்செய்யும் நேரம் முந்தைய வேலையைப் பொறுத்து மாறினாலும் விதி கைகொடுக்காது. கறுப்புக்குப் பிறகு மஞ்சள் மை ஏற்ற அதிகம் கழுவ வேண்டும், திருப்பினால் குறைவு என்றால், அட்டவணையில் எழுதிய எண்ணே வரிசைக்கு வரிசை மாறிவிடும். நடுவில் அச்சான தாள்களை அடுக்கி வைக்க இடமில்லாவிட்டாலும் கணக்கு தவறும். நம் வரிசையில் ச 5ஆம் மணியில் அச்சாகிவிட்டு 6ஆம் மணிவரை காத்திருக்கிறதே, அது எங்காவது இருக்க வேண்டுமல்லவா?