விளம்பரப் படத்தின் ‘கான்செப்ட்’: கருத்துரு என்று எழுதாதீர்கள்

பிராண்ட் ஃபிலிம் பற்றித் தமிழில் வரும் குறிப்புகளில் ‘கான்செப்ட்’ என்ற இடத்தில் எல்லாம் ‘கருத்துரு’ என்று போடுகிறார்கள். ‘உங்கள் கருத்துருவை ஏஜென்சியிடம் அளியுங்கள்’ என்று சிறுதொழில் செய்பவர்களுக்குச் சொல்கிறார்கள். இதனால் அவர்கள் தவறான தாளைத் தயார் செய்துகொண்டு போகிறார்கள்.

கான்செப்ட் லத்தீனிலிருந்து வந்தது. உள்ளே வாங்கிக்கொள்வது, கருக்கொள்வது என்பது அதன் மூலப்பொருள். தமிழில் ‘கரு’ அப்படியே இந்த இடத்தில் உட்காரும். வேர் விஷயம் இவ்வளவுதான்.

கருத்துரு நல்ல சொல். ஆனால் தமிழ்நாட்டில் அதற்கு ஏற்கெனவே ஒரு வேலை இருக்கிறது. அனுமதியோ நிதியோ கேட்டு ஓர் அலுவலகம் மேலிடத்துக்கு அனுப்பும் முன்மொழிவை அரசு நடைமுறையில் கருத்துரு என்கிறோம். அந்தப் பழக்கத்தோடு இந்தச் சொல்லைக் கேட்பவர் என்ன எழுதுவார்? கடை தொடங்கிய ஆண்டு, இயந்திரங்கள், கிளைகள், வாங்கிய விருதுகள், ட்ரோன் ஷாட், முடிந்தால் ஒரு நடிகர். பக்கம் பக்கமாக இருக்கும், படத்தின் கரு மட்டும் இருக்காது. ஏஜென்சியும் அந்தப் பட்டியலையே காட்சிகளாக அடுக்கி, பின்னணிக் குரலில் ‘தரம், பாரம்பரியம், நம்பிக்கை’ என்று ஓட்டிவிடும்.

இன்னும் சிலர் ‘தீம்’ என்பதற்குப் போடும் ‘கருப்பொருள்’ என்ற சொல்லையே கான்செப்டுக்கும் போடுவார்கள். அகத்திணை இலக்கணத்தில் கருப்பொருள் என்றால் ஒரு நிலத்துக்கு உரிய தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை முதலியவை. அந்த நிலத்தில் நிகழும் மனநிலை உரிப்பொருள். படத்துக்கு இரண்டும் வேண்டும். செக்கும் எண்ணெய்க் குடமும் கருப்பொருள்கள். அவற்றைக் கொண்டு என்ன உணர்த்துகிறோம் என்பது வேறு. இந்த வேறுபாடு கையில் இருக்கும்போது அதை அழித்துவிட்டு ‘தீம்’ என்பதற்கும் ‘கான்செப்ட்’ என்பதற்கும் ஒரே சொல்லைப் போடுவது சோம்பல்.

சினிமாக்காரர்களின் ‘ஒன்லைன்’ ஓரளவு பக்கத்தில் வருகிறது. ஆனால் ஒன்லைன் என்ன நடக்கிறது என்று சொல்லும். கரு, இந்தக் கடைக்கு ஏன் இந்தப் படம் என்று சொல்ல வேண்டும்.

காங்கேயம் பக்கம் மரச்செக்கு வைத்திருப்பவர் ஒருவரை எடுத்துக்கொள்வோம். எள்ளோடு கருப்பட்டி சேர்த்து ஆட்டுகிறார். ஆட்டிய எண்ணெயை வெயிலில் வைத்து, கசடு அடியில் தங்கித் தெளிந்த பிறகே விற்கிறார். ‘தூய்மையான நல்லெண்ணெய்’ என்று அவர் எழுதினால் அது கரு ஆகாது. கடைப்பெயரை எடுத்துவிட்டுப் போட்டியாளர் பெயரை வைத்துப் பாருங்கள், படம் அப்படியே நிற்கும். ‘தெளியும் வரை விற்கமாட்டோம், வந்தவரைத் திருப்பி அனுப்பினாலும் சரி’ என்பது கரு. வடிகட்டி இயந்திரம் வைத்து அன்றன்றே விற்பவரால் இதைச் சொல்ல முடியாது.

பக்கத்துத் தெருச் செக்கும் தெளியவைத்துத்தான் விற்கிறது என்றால்? அப்போது கருவின் பலம் திருப்பி அனுப்புவதில் இருக்கிறது. தீபாவளிக்கு முந்தைய நாட்களில் ஒரு பெண் தூக்குப்பாத்திரத்தோடு வருகிறார். “இன்னும் தெளியலைங்க்கா, நாளன்னைக்கு வாங்க” என்கிறார் கடைக்காரர். அந்தப் பெண் முணுமுணுத்துக்கொண்டே போகிறார். பண்டிகைக்கு முதல் நாள் மாலை மறுபடி வந்து நிற்கிறார். ஒன்றரை நிமிடத்துக்கு இது போதும். ஒரு கடை, இரண்டு நடிகர்கள், நல்ல வெயில்; சிறிய பட்ஜெட்டில் அடங்கும். பின்னணிக் குரல் தூய்மையைப் பற்றி வாயே திறக்க வேண்டாம்.

ஆனால் கூட்டம் வரும் நாளில் அவர் உண்மையிலேயே திருப்பி அனுப்புகிறவராக இருக்க வேண்டும். இல்லையென்றால் அந்த ஊரில் படம் பார்க்கும் முதல் ஆளே சிரித்துவிடுவார்.

ஆக, ஏஜென்சிக்குக் கொண்டுபோகும் தாளில் முதல் வரி இந்தக் கரு. அதன் கீழே யாருக்காக இந்தப் படம், பார்த்தபின் அவர்கள் எதை நம்ப வேண்டும், எங்கே ஓடப்போகிறது (தியேட்டரா, செல்போனா), எவ்வளவு செலவழிக்க முடியும். ஒரே பக்கம். காட்சி பிரிப்பதும் வசனம் எழுதுவதும் ஏஜென்சியின் வேலை. கருத்துரு என்ற சொல் வேண்டுமென்றால், காட்சிகளும் செலவும் நாட்களும் போட்டு அவர்கள் திருப்பித் தருகிற தாளுக்கு வைத்துக்கொள்ளலாம். அங்கே அது சரியாகப் பொருந்தும். அகராதியில் முதலில் கண்ட சொல்லை எடுத்து ஒட்டும் மொழிபெயர்ப்பாளர்கள், அந்தச் சொல்லைப் படிப்பவர் அடுத்து என்ன செய்வார் என்று ஒரு முறை யோசித்திருந்தால் இந்த இரண்டு தாளும் ஒன்றாகியிருக்காது.